தேதி போடாத கடிதத்துக்கு நீங்க எப்படி தேதி கண்டுபிடிச்சீங்க? அனுபவம் இருந்தா சொல்லுங்க

விலங்கியல் டீச்சர்

இருபது வருஷத்துக்கு மேல பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு பாடம் எடுத்தவ நான். வருஷா வருஷம் "டார்வின் யோசிச்ச அதே இயற்கைத் தேர்வைப் பத்தி வாலஸ் எழுதின கட்டுரை 1858 ஜூன் 18 அன்னிக்கு டார்வின் வீட்டுக்கு தபால்ல வந்துச்சு"ன்னு சொல்லிட்டே இருந்தேன். ரிட்டயர் ஆனப்புறம்தான் அன்னிக்கு டார்வின் தன் நண்பர் நிலவியலாளர் லயெல்லுக்கு எழுதின கடிதத்தை நெட்ல முழுசா படிச்சேன். மேல தேதி போட்டிருக்கிற இடத்துல 18 [ஜூன் 1858]னு இருந்துச்சு. அந்த சதுர அடைப்புக்குறி எதுக்குன்னு தேடினப்பதான் தெரிஞ்சுது, உள்ள இருக்கிறது பதிப்பாசிரியர்கள் சேர்த்தது, டார்வின் எழுதினது "டவுன், பிரோம்லி, கென்ட்"ங்கிற விலாசமும் வெறும் 18ம் தான், டவுன்ங்கிறது அவர் இருந்த கிராமத்தோட பேரு. மாசமும் கிடையாது வருஷமும் கிடையாது. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, அப்போ நான் இத்தனை வருஷமா சொன்ன தேதி எங்கேர்ந்து வந்துச்சு?

அதுலேர்ந்து நாலு மாசம் இதே வேலைதான். முதல்ல விலாசம். வீடு மாறவே இல்ல, ஆனா தபால் எந்த ஊர் வழியா வரணும்ங்கிறது மாறியிருக்கு. 1850கள் நடுவுல வரைக்கும் சில வருஷம் ஃபார்ன்பரோன்னு எழுதியிருக்கார், அப்புறம் பிரோம்லி, 1869லேர்ந்து பெக்கன்ஹாம். அதனால "பிரோம்லி"ன்னு இருந்தா ஓரளவுக்கு காலம் சுருங்கும், ஆனா 1840கள் ஆரம்பத்துலயும் பிரோம்லின்னுதான் எழுதியிருக்கார், அதனால அதை மட்டும் வெச்சு முடிக்க முடியாது.

வருஷம் விஷயத்துலேர்ந்தே வந்துடுது. வாலஸ் கட்டுரையை அனுப்பியிருக்கார்னு இதுல சொல்றார், அந்தக் கட்டுரை 1858 ஜூலை 1 லின்னியன் சொசைட்டில படிக்கப்பட்டது, அந்தத் தேதி அச்சுல இருக்கு. அதுக்கப்புறம் ஒரு சங்கிலி. அடுத்த கடிதத்துல வெறும் "வெள்ளிக்கிழமை", அதுக்கடுத்ததுல 26, அதுல முந்தின கடிதத்துக்கு ஒரு பின்குறிப்பு சேர்க்கிறேன்னு ஆரம்பிக்கிறார். 1858ல ஜூன் 25 வெள்ளிக்கிழமை, சரியா உட்காருது. அப்புறம் இன்னொரு நண்பர், தாவரவியலாளர் ஹூக்கருக்கு "செவ்வாய்"ன்னு ஒண்ணு, கைக்குழந்தை செத்துப்போன துக்கத்துல எழுதினது. குழந்தை சார்ல்ஸ் இறந்தது ஜூன் 28, அதனால செவ்வாய்னா 29. பெத்த பிள்ளைய பறிகொடுத்த மறுநாள்தான் அந்தக் கூட்டத்துல படிக்க தன்னோட காகிதங்களை எடுத்துக் குடுத்து அனுப்பியிருக்கார்னு இந்தக் கிழமை கணக்குலதான் எனக்கு உறைச்சுது.

ஆனா 18 ஜூனா, மேயா? அதுலதான் நான் சிக்கிட்டேன். ஜூன் 8ன்னு சொல்ற ஒரு கடிதத்துல ஹூக்கர்கிட்ட தன் புத்தகத்தைப் பத்தி நல்லா பேசறார், வாலஸ் கட்டுரையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதனால ஜூன்தான்னு நான் நினைக்கிறேன். உங்க யாருக்காவது இந்த மாதிரி அனுபவம் இருந்தா சொல்லுங்க.

தபால்தலை மாமா

டீச்சரம்மா, இதுல குழப்பமே இல்ல, தபால் முத்திரைதான் சாட்சி. நான் நாப்பது வருஷமா கவர் சேர்க்கிறேன். வாலஸ் இப்போ இந்தோனேசியாவுல இருக்கிற டெர்னேட் தீவுலேர்ந்து 1858 மார்ச் 2ன்னு தேதி போட்டு இங்கிலாந்து லெஸ்டர்ல இருந்த ஃப்ரெடரிக் பேட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார், அதுல சிங்கப்பூர் ஏப்ரல் 21, லெஸ்டர் ஜூன் 3ன்னு முத்திரை இருக்கு. அதே கப்பல்ல டார்வினுக்கும் போயிருக்கும், அப்போ ஜூன் 3 வாக்குலயே அவர் கைக்கு வந்தாச்சு, ரெண்டு வாரம் உள்ள வெச்சுக்கிட்டு 18ம் தேதி "இன்னிக்கு வந்துச்சு"ன்னு எழுதிட்டார். கையெழுத்து, காகிதம்னு சொல்றதெல்லாம் ஊகம், முத்திரை பொய் சொல்லாது.

ஓலைச்சுவடி

மாமா சொன்ன முத்திரை உண்மை, நானும் ஒத்துக்கிறேன். ஆனா அது பேட்ஸ் கடிதத்தோட முத்திரை. டார்வினுக்கு வந்த கவரும் காணோம், வாலஸ் கடிதமும் காணோம், அனுப்பின கட்டுரையோட கைப்பிரதியும் காணோம். ஆக முத்திரை சொல்றது மார்ச் மாசம் டெர்னேட்லேர்ந்து கிளம்பின ஒரு கடிதம் ஜூன் 3 இங்கிலாந்துல சேர்ந்துச்சுன்னு மட்டும்தான். கட்டுரையும் அதே பையில போச்சுங்கிறது நாம சேர்க்கிறது.

2012ல வான் வைஹ், ரூக்மாக்கர்னு ரெண்டு ஆய்வாளர்கள் வேற வழியா போனாங்க. டார்வின் 1857 டிசம்பர் 22 எழுதின கடிதத்துக்குப் பதிலாத்தான் வாலஸ் இதை அனுப்பியிருக்கார், அந்தக் கடிதமே மார்ச் மாச கப்பல்லதான் டெர்னேட் வந்து சேர்ந்துச்சு, வந்த கப்பல்லயே பதில் போட நேரமில்ல, அதனால அடுத்த ஏப்ரல் கப்பல்லதான் போயிருக்கும்னு டச்சு கப்பல் நேர அட்டவணையும் ஆங்கிலக் கப்பல் அட்டவணையும் வெச்சு கோத்துப் பார்த்தாங்க. அப்படிப் பார்த்தா ஜூன் 18 டவுன்ல தபால் வந்தது இயல்பாவே பொருந்துது. ஆனா இது எல்லாரும் ஏத்துக்கிட்டது இல்ல, அது பதில் கடிதம்தானான்னே கேட்கிறவங்க இருக்காங்க. புரூக்ஸ்னு ஒருத்தர் மே 18ன்னே வாதாடினார்.

டீச்சர், உங்க ஜூன் 8 வாதத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஒரு கடிதத்துல ஒண்ணைப் பத்தி பேசலங்கிறதால அது நடக்கலன்னு ஆகாது. மாமா சொல்ற மாதிரி டார்வின் மறைச்சிருந்தார்னா, அந்த ஜூன் 8 மௌனமே மறைப்புக்கு சாட்சி ஆயிடும். ஒரே மௌனத்தை ரெண்டு பக்கமும் இழுக்கலாம்.

ஹைவே ரவி

இதுக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டம், மையை லேப்ல குடுத்து கார்பன் டேட்டிங் பண்ணா தெரிஞ்சிடாதா?

ஓலைச்சுவடி

தம்பி, கார்பன்ல வர்ற பிழை பத்துக்கணக்கான வருஷம், நமக்கு வேண்டியது மே மாசமா ஜூன் மாசமாங்கிறது. காகிதத்துல உதவுறது நீர்க்குறிதான். 1794க்கு அப்புறம் நிறைய இங்கிலாந்து காகிதத்துல தயாரிச்ச வருஷமே நீர்க்குறியா இருக்கும், வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா தெரியும். ஆனா அது "இதுக்கு முன்னாடி எழுதியிருக்க முடியாது"ன்னு மட்டும்தான் சொல்லும். வாங்கி வெச்ச காகிதக்கட்டை மூணு வருஷம் கழிச்சு எடுத்து எழுதறவங்க உண்டு. கறுப்பு ஓரம் போட்ட துக்கக் காகிதமும் அப்படித்தான், வீட்ல ஒரு சாவு விழுந்திருக்குன்னு சொல்லும், எந்தச் சாவுன்னு சொல்லாது.

ரங்கூன் பேத்தி

நான் பெரிய ஆளுங்க கடிதம் எதுவும் பார்த்ததில்ல, ஆனா எங்க தாத்தா ரங்கூன்ல மரக்கடைல கணக்கு எழுதினவர், ஆச்சிக்கு எழுதின முப்பத்தி ரெண்டு கடிதம் டிரங்குப் பெட்டில இருக்கு, எதுலயும் வருஷம் இல்ல, கிழமை மட்டும்தான். நானும் மாமா மாதிரிதான் கவரைப் பார்த்து அடுக்கினேன். இந்திய ஸ்டாம்பு மேல பர்மான்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சது இருந்தா 1937 ஏப்ரல்ல பர்மா பிரிஞ்சதுக்கு அப்புறம், வெறும் இந்திய ஸ்டாம்பு இருந்தா அதுக்கு முன்னாடி, அப்படித்தான் ரெண்டு கட்டா பிரிச்சேன்.

அதுல ஒரு கவர் பர்மா அச்சடிச்ச ஸ்டாம்பு, உள்ள இருந்த கடிதத்துல "போன வாரம் பூமி அதிர்ந்து கடைச் சுவர் விழுந்துவிட்டது, நான் சௌக்கியம், கவலை வேண்டாம்"னு எழுதியிருக்கார். பூகம்பத்தைத் தேடினா 1937க்கு அப்புறம் பொருந்தற மாதிரி எனக்கு எதுவும் கிடைக்கல, ரங்கூனை அடிச்ச பெரிய பூகம்பம் 1930 மே 5, பெகுவையே நாசம் பண்ணினது. அப்போதான் புரிஞ்சுது ஆச்சி படிச்சிட்டு திரும்ப வைக்கும்போது கவர் மாறிப்போச்சு. மடிப்பை வெச்சுப் பார்த்தேன், கடிதம் நாலா மடிச்சது, கவருக்குள்ள மூணா மடிச்சதுதான் போகும், சுத்தமா சேரல.

தபால்தலை மாமா

அடடா. இது நல்ல பாயிண்ட்டும்மா. 1840க்கு முன்னாடி இங்கிலாந்துல பெரும்பாலும் கவரே கிடையாது, காகிதத்தையே மடிச்சு மெழுகு வெச்சு அனுப்புவாங்க, முத்திரை கடிதத்து மேலயே விழும், அப்போ பிரிக்க முடியாது. கவர் வந்ததுக்கு அப்புறம்தான் இந்த வம்பு. மடிப்புக்கோடு, மெழுகுக் கறை, மை ஊறின இடம் ரெண்டுலயும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. நான் கவரோட கடிதத்தையும் வாங்கினவன், இதை ஒரு தடவைகூட செக் பண்ணல, நாளைக்கே எடுத்துப் பார்க்கணும்.

பொன்னி

கையெழுத்து ஊகம்னு மாமா சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். எம்.ஏ.ல அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் எடுத்தேன், அவங்க கடிதத்துலயும் பெரும்பாலும் தேதி கிடையாது. 1850கள்ல எழுத்து சாய்ஞ்சு கோத்துக்கோத்து ஓடும், 1870கள் முடிவுக்கு வரும்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நிக்கும், பார்த்த உடனே வித்தியாசம் தெரியும். அவங்களோட கடிதப் போக்குவரத்து வெச்சிருந்த எழுத்தாளர் ஹிக்கின்சன் அந்தக் கையெழுத்தைப் பார்த்துட்டு புதைபடிவப் பறவைக் கால்தடம் மாதிரின்னு எழுதினார். ஜான்சனும் தியோடோரா வார்டும் பதிப்பிச்சப்போ கையெழுத்து மாற்றத்தை வெச்சுத்தான் நிறைய கடிதத்தை வருஷ வரிசையில வெச்சாங்க.

ஓலைச்சுவடி

வருஷம் வரைக்கும் சரி பொன்னி, மாசத்துக்கு இறங்காதீங்க. முதல்ல முத்திரையோ செய்தியோ வெச்சு தேதி உறுதியான கடிதங்களை மட்டும் எடுத்து ஒரு அளவுகோல் செய்யணும். ஹிக்கின்சனுக்கு அவங்க எழுதின முதல் கடிதத்துலகூட தேதி இல்ல, 1862 ஏப்ரல் 16 தபால் ஆபீஸ்லேர்ந்து எடுத்தேன்னு அவர் பின்னாடி எழுதினதும் ஆம்ஹெர்ஸ்ட் முத்திரையும்தான் அதை நிறுத்துது. அந்த மாதிரி கடிதங்கள்தான் ஆணி. கையெழுத்தை வெச்சு தேதி போட்ட கடிதத்தையே ஆணியா எடுத்து அடுத்த கடிதத்துக்கு தேதி போட்டா சுத்திச் சுத்தி ஒரே இடத்துல நிப்போம். அவசரத்துல எழுதினதும், பென்சில்ல எழுதினதும், உடம்பு சரியில்லாதப்ப எழுதினதும் வயசானவங்க கை மாதிரி இருக்கும்ங்கிறதையும் பாருங்க.

பேத்தி, உங்க பூகம்பத்துக்கு வர்றேன். 1930 டிசம்பர்லயும் பர்மால ஒண்ணு வந்துச்சு, பியூ பக்கம். கடிதத்துல மழை, வெயில் ஏதாவது இருக்கா?

ரங்கூன் பேத்தி

ஐயா, இப்பதான் எடுத்துப் படிச்சேன்! "வெயில் தாங்கவில்லை, இன்னும் மழை பிடிக்கவில்லை"ன்னு கடைசி வரில இருக்கு, டிசம்பர்ல ரங்கூன்ல அப்படி எழுத மாட்டாங்க, அப்போ மேதான். மேல "திங்கள்கிழமை"ன்னு போட்டிருக்கார். 1930 மே 5ம் திங்கள்தான், அன்னிக்கே எழுதியிருந்தா "போன வாரம்"னு எழுத மாட்டார், அதனால மே 12ன்னு வெச்சிருக்கேன். மே 26 அன்னிக்கு துறைமுகத்துல இந்தியத் தொழிலாளிகளுக்கும் பர்மியருக்கும் பெரிய கலவரம் வெடிச்சுது, அதைப் பத்தி கடிதத்துல ஒண்ணும் இல்ல, அதுவும் பொருந்துது.

ஓலைச்சுவடி

மே 12 நல்லா இருக்கு. கலவரத்தை மட்டும் கணக்குல சேர்க்காதீங்க, மனைவி பயந்துடுவாங்கன்னு அவர் எழுதாம விட்டிருக்கலாம். "போன வாரம்"னு எழுதினதும் கிழமையும் போதும். நோட்டுல எழுதும்போது [1930 மே 12]னு அடைப்புக்குறிக்குள்ள போடுங்க, கவர் மாறினதையும் எழுதி வைங்க. கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுக்கு உரிய கடிதம் அந்தப் பெட்டிலயே எங்கயோ இருக்கும்.

விலங்கியல் டீச்சர்

பேத்தி, மூணா மடிச்ச கடிதம் வேற ஏதாவது கவர் இல்லாம இருக்கா பாரும்மா. என் 18க்கு நான் ஜூன்னே வெச்சிருக்கேன், ஆனா இனிமே ஜூன் 8 கடிதத்தைக் காரணமா சொல்ல மாட்டேன். டார்வினோட சொந்தக் குறிப்பேட்டுல ஜூன் 14னு போட்டு புறாக்களைப் பத்தி எழுதிட்டிருந்த வேலை இடைல நின்னுபோச்சுன்னு ஒரு பதிவு இருக்காம், 14ங்கிறது வேலை தொடங்கின நாளா நின்ன நாளான்னு அடுத்து அதைத்தான் பார்க்கணும்.

ரங்கூன் பேத்தி

ஏழு கடிதம் கவர் இல்லாம இருக்கு டீச்சர், அதுல ரெண்டு மூணா மடிச்சது. ஒண்ணுல ஜப்பான்காரன் குண்டு போடறதைப் பத்தி இருக்கு, அது 1941 கடைசியோ 42 தொடக்கமோ. இன்னொண்ணுல அம்மாவுக்குப் பேர் வைக்கிறதைப் பத்தி எழுதியிருக்கார். அம்மா பிறந்தது 1938. ராத்திரி ரெண்டையும் கவர்ல வெச்சுப் பார்த்துட்டு வர்றேன்.