பாதிப் பேர் ஹாலில், பாதிப் பேர் ஜூமில்: வருகையை மினிட்ஸில் எப்படி எழுதுவது?

புதுச்செயலாளர்
எங்கள் குடியிருப்பு சங்கத்தின் செயற்குழுவில் 9 பேர். கோரம், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் வர வேண்டியவர்கள், 5 பேர். போன ஞாயிறு மாலை 6.30க்குக் கூட்டம். ஹாலில் 4 பேர், ஜூமில் 2 பேர் இருந்தார்கள். வர முடியாது என்று இரண்டு பேர் முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்கள். ஒருவரிடமிருந்து தகவலே இல்லை.

முடியாது என்று சொன்ன இருவரில் ஒருவர் 7.05க்கு ஜூமில் வந்துவிட்டார். அவரை எந்தப் பட்டியலில் போடுவது? ஜூம் ரிப்போர்ட்டில் ஒருவர் பெயர் இரண்டு தடவை வருகிறது, இன்னொரு வரியில் `Galaxy A14` என்று மட்டும் இருக்கிறது. மினிட்ஸ் எழுத உட்கார்ந்து இரண்டு நாளாகிறது.

மாடிவீட்டு ரவி
இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணி மினிட்ஸோட பின் பண்ணிடுங்க. `Show unique users` டிக் போட்டா டபுள் பெயர் போயிடும். நாங்க அப்படித்தான் பண்றோம்.

ஓய்வு கம்பெனி செக்ரட்டரி
ரிப்போர்ட்டை வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் அந்த டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். டிக் போட்டால் ஒருவருடைய வரிகள் எல்லாம் ஒன்றாகி, மொத்த நிமிடம் மட்டும் தெரியும். நடுவில் எப்போது லைன் போனது என்பது மறைந்துவிடும். இன்னொன்று, ஹாலில் இருந்த லேப்டாப் அங்கே ஒரே ஒரு வரிதான். அதன் முன்னால் உட்கார்ந்திருந்த நால்வர் அதில் இல்லை. எந்தக் கருவி எப்போது இணைந்தது என்பதைத்தான் ஜூம் சொல்லும். உறுப்பினர் இருந்தாரா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

தாமதமாக வந்தவரை "வர இயலாமை தெரிவித்தோர்" பட்டியலிலிருந்து எடுத்து, வந்தோரில் சேருங்கள்: "7.05க்கு இணைய வழியில் இணைந்தார், பொருள் 4 முதல் பங்கேற்றார்." நேரத்தை விட அந்தப் பொருள் எண் முக்கியம். தகவல் இல்லாதவர் தனியாக "வராதோர்" என்பதில். அவரையும் முன்கூட்டிச் சொன்னவரையும் ஒரே வரியில் போடாதீர்கள்.

இரண்டு தடவை வரும் பெயருக்கு நேரங்கள் என்ன? கூட்டத்தின் நடுவில் யாராவது எழுந்து போனார்களா?

லதா, 3ஆம் தெரு
எங்க ஆபீஸ்ல வீட்டிலிருந்து வேலை பாக்குறவங்களுக்கும் பயோமெட்ரிக் கேக்குறாங்க. லேட்டா லாகின் பண்ணா அரை நாள் லீவு போயிடுது. இதுக்கு ஏதாவது வழி இருக்கா?

புதுச்செயலாளர்
லதா மேடம், இது சங்கக் கூட்டம் பற்றியது. ஆபீஸ் விஷயத்தைத் தனியாகக் கேளுங்கள், யாராவது சொல்வார்கள்.

சார், டிக்கை எடுத்துப் பார்த்தேன். 6.28 முதல் 6.51 வரை ஒரு வரி, 6.58 முதல் 7.40 வரை இன்னொரு வரி. ஹாலில் ஒருவர் 6.45க்கே பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்துவரப் போய்விட்டார். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை 6.55க்கு ஒருமனதாக நிறைவேற்றினோம்.

ஓய்வு கம்பெனி செக்ரட்டரி
அப்படியானால் 6.55க்கு ஹாலில் 3, ஜூமில் 1. மொத்தம் 4. உங்கள் கோரம் 5. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

துணைவிதியை எடுத்துப் பாருங்கள். கூட்டம் தொடங்கும்போது 5 பேர் போதும் என்கிறதா, முடியும்வரை வேண்டும் என்கிறதா? இணைய வழி வருகையைக் கோரத்தில் சேர்க்கலாம் என்கிறதா? கம்பெனி போர்டில் வீடியோ வழி வந்தவரும் கணக்கில் சேருவார், ஆனால் கோரம் கடைசிவரை நிற்க வேண்டும். அந்தச் சட்டம் உங்கள் சங்கத்துக்கு அப்படியே பொருந்தாது.

எதுவானாலும் மினிட்ஸைத் திருத்திச் சரிக்கட்டாதீர்கள். "தீர்மானம் 3, 6.55: அரங்கில் 3, இணைய வழி 1" என்று நடந்ததை எழுதி, அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடி வைத்து நிறைவேற்றுங்கள்.

மாடிவீட்டு ரவி
நெட் போனதுக்கெல்லாம் ஆள் இல்லன்னு எழுதினா, அடுத்த தடவை யாரு ஜூம்ல வருவாங்க?

ஓய்வு கம்பெனி செக்ரட்டரி
ஒவ்வொரு துண்டிப்பையும் எழுத வேண்டாம், ரவி. அந்த நேரத்தில் ஏதாவது தீர்மானமானால் மட்டும் எழுதினால் போதும்.

இனி தொடக்கத்திலேயே பெயர் கூப்பிடுங்கள். ஜூமில் இருப்பவர் பெயரையும் எங்கிருந்து பேசுகிறார் என்பதையும் வாயால் சொல்லட்டும், `Galaxy A14` யார் என்பது அப்போதே தெரிந்துவிடும். வாக்கெடுப்புக்கு முன் மறுபடி ஒரு தடவை எண்ணுங்கள். நேரத்தை ஹாலில் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒருவரே குறிக்கட்டும்.

புதுச்செயலாளர்
`Galaxy A14` 7.05க்கு வந்தவர்தான், போன் பண்ணிக் கேட்டுவிட்டேன். துணைவிதியில் "கூட்டம் தொடங்க 5 உறுப்பினர்" என்று மட்டும் இருக்கிறது. இணைய வழி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. லிஃப்ட் கம்பெனிக்கு முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை, தலைவரிடம் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன். தொடங்கும்போது ஹாலில் 4 பேர்தானே, ஜூமைச் சேர்க்கக் கூடாது என்றால் அன்றைய கூட்டமே செல்லுமா?