டாஷ்போட் விளக்குகளுக்கு ஒரு சொல்: ‘எச்சரிக்கை விளக்கு’ போதுமா?

கிளிநொச்சியிலிருந்து

வணக்கம். சாரதிப் பயிற்சி வகுப்பொன்றின் சுவரில் ஒட்ட ஒரு படம் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். திறப்பை ஒரு படி திருப்பியதும் டாஷ்போட்டில் பத்துப் பன்னிரண்டு சின்ன விளக்குகள் எரியுமே, அவற்றுக்குப் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். ‘எச்சரிக்கை விளக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். பச்சை அம்புக்குறியிலேயே இடித்தது. சிக்னல் போட்டிருக்கிறாய் என்று சொல்லும் விளக்கு யாரை எச்சரிக்கிறது? இந்தக் குறிகளை வகுத்த ஐஎஸ்ஓ 2575 தர ஆவணம் இவற்றை ‘ரெல்-ரேல்’ என்கிறது. கோள் சொல்பவன் என்று பொருள். ‘கோள்விளக்கு’ என்று வைத்தால் என்ன?

சென்னையிலிருந்து

கோள்விளக்கு என்றதும் எனக்கு நவக்கிரகச் சந்நிதிதான் கண்ணில் தெரிகிறது. சனிக்கிழமை எள் விளக்குப் போடச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள். ‘சுட்டுவிளக்கு’ என்று பாருங்களேன். சுட்டிக் காட்டுவதால் சுட்டு. நிறங்கள் பற்றி ஒரு வரி போதும்: சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் ஓடலாம், பச்சையும் நீலமும் என்றால் கவலை இல்லை.

பரந்தன், கராஜ்

தம்பி, எங்களிடம் சுட்ட விளக்கு என்றால் எரிந்துபோன பல்ப். அந்தச் சொல்லை விட்டுவிடுவோம். பெயரைவிட, அதைப் பார்த்துச் சாரதி அடுத்து என்ன செய்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியம். போன மாதம் வந்த ஒரு டீசல் வேனின் கதையைச் சொல்கிறேன்.

கொக்காவில் தாண்டும்போது ஒயில் லைட் சிவப்பாக எரிந்திருக்கிறது. ஓடியவர் நல்ல அனுபவக்காரர். “ஒயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், முறிகண்டியில எப்படியும் நிப்பாட்டுவம்தானே, தேங்காய் உடைச்சிட்டுப் பாப்பம்” என்று விட்டிருக்கிறார். முறிகண்டிக்குக் கிட்டப் போகும்போது அடியில் டக் டக் என்று சத்தம். கோயிலடியில் நிற்பாட்டிக் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் மேல் கோடு வரை நிற்கிறது. “அப்ப லைட்டிலதான் பிழை” என்று திரும்ப ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். கொஞ்சத் தூரத்தில் எஞ்சின் இறுகிவிட்டது.

எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்பைக் கழற்றினேன். ஒயில் உறிஞ்சும் வலைத்தட்டில் கறுத்த பசை அப்பிக் கிடந்தது. ஒயில் மாற்றாமல் நாள் கடத்தியதன் விளைவு. ஒயில் கீழே நிறைய இருந்தது, மேலே ஏறத்தான் வழியில்லை. பெயாரிங் எல்லாம் வழித்துவிட்டது, கிராங்கிலும் கீறல்.

அந்த விளக்கு ஒயிலின் அளவைச் சொல்லவில்லை, அமுக்கத்தைச் சொல்கிறது. ரயருக்கு முப்பது இறாத்தல் அடிக்கிறோம். இந்த விளக்கின் சுவிட்ச் பெரும்பாலும் ஐந்து இறாத்தல் அளவுக்கு இறங்கும் வரை வாயே திறக்காது. ஆகவே அது எரியும்போது முன்னறிவிப்பு என்று எடுக்கக் கூடாது, காரியம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஓரமெடுத்து அங்கேயே எஞ்சினை நிற்பாட்ட வேண்டும், முறிகண்டியில் அல்ல. சில நிமிடம் விட்டுக் கம்பியைப் பார்க்கலாம். குறைந்திருந்தால் ஊற்றி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம், சில விநாடிக்குள் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டாலும், முதலிலேயே அளவு சரியாக இருந்தாலும், இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். சுவிட்சே பழுதாக இருப்பதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கழற்றி, அந்த இடத்தில் அமுக்க மானியைப் பூட்டிப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்லலாம்.

இன்னொன்று. அதற்கு முந்தின கிழமை முழுவதும் மாங்குளம் சந்தியில் சூடாக நிற்கும்போது அந்த விளக்கு மினுங்கியிருக்கிறது, அக்சிலேற்றரை மிதித்தால் போய்விடுமாம். அப்போது கொண்டுவந்திருந்தால் சம்பைக் கழுவி அனுப்பியிருப்பேன்.

சென்னையிலிருந்து

நன்றி ஐயா. நான் பார்த்தவரை இங்கே பலருக்கும் ‘ஆயில் லைட்’ என்றால் ஆயில் குறைவு என்றுதான் எண்ணம். பெயர்தான் ஏமாற்றுகிறது. ‘அழுத்தம்’ என்ற சொல் உள்ளே வர வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து

இங்கே பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘அமுக்கம்’. வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கும் அதுதான் பழக்கம். படத்தில் ‘ஒயில் அமுக்கம்’ என்றே போடுகிறேன். பொதுப் பெயருக்கு ‘சமிக்ஞை விளக்கு’ எப்படி?

வவுனியாவிலிருந்து

சமிக்ஞை விளக்கு என்றால் வவுனியாவில் சந்தியில் தூணில் தொங்குவதைத்தான் நினைப்பார்கள். வேண்டாம்.

நடுவில் என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். என் வாகனர் ஆரில் காலையில் ஒரு நீல விளக்கு வந்து சில நிமிடத்தில் போய்விடுகிறது. மத்தியானம் வருவதில்லை. தூரப் பார்வை லைட் போடவும் இல்லை. என்ன பழுது?

பரந்தன், கராஜ்

பழுதில்லை தங்கச்சி. வெப்பமானிக் குறி நீலத்தில் வந்தால் எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று அர்த்தம். அது போகும் வரை முறுக்கி ஓடாமல் இருந்தால் சரி. மத்தியானம் எஞ்சினில் சூடு மிச்சமிருக்கும், அதனால் காட்டாது. அதே குறி சிவப்பில் வந்தால் கதை வேறு: நிற்பாட்டி ஆறவிட வேண்டும், சூட்டோடு ரேடியேற்றர் மூடியைத் திறக்கக் கூடாது.

சென்னையிலிருந்து

அப்படியானால் நான் சொன்ன நிற விதியே போதும் போலிருக்கிறதே.

முல்லைத்தீவிலிருந்து

எனக்குப் போதாது. எனக்குச் சிவப்பும் மஞ்சளும் மங்கிய வெளிச்சத்தில் ஒன்று போலத்தான் தெரியும். மகன்தான் ஒருநாள் கண்டுபிடித்தான். நான் பார்ப்பது நிறத்தை அல்ல, குறியை. படத்தில் நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்காதீர்கள். செய்ய வேண்டிய வேலையைச் சொல்லாக எழுதுங்கள்.

பரந்தன், கராஜ்

அவர் சொல்வது சரி. நிற விதியும் முக்கால்வாசிதான் சரி. சிவப்பெல்லாம் ‘நில்’ இல்லை. பெல்ட் போடவில்லை என்பதற்கும் சிவப்புத்தான், போட்டால் தீர்ந்தது. பிறேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹான்ட்பிறேக்கைப் பாருங்கள். அதை விட்ட பிறகும் எரிந்தால் பிறேக் ஒயில் இறங்கியிருக்கலாம், அப்போது நிற்க வேண்டும். மஞ்சளெல்லாம் ‘ஓடலாம்’ என்பதும் இல்லை. பெற்றோல் காரில் மஞ்சள் எஞ்சின் குறி விடாமல் எரிந்தால் மெதுவாக ஓடிப்போய்க் காட்டலாம். அதுவே விட்டு விட்டு மினுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாகச் சுடவில்லை, எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், அங்கே புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக்கைச் சுட்டுத் தின்கிறது. உடனே அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்க வேண்டும், மினுங்கல் நிற்காவிட்டால் வண்டியும் நிற்க வேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து

சரி, வேலைச் சொல்லாகவே போட்டுப் பார்த்தேன். சிவப்புக்கு ‘நிறுத்து விளக்கு’. மஞ்சளுக்கு, கராஜில் கொண்டுபோய்க் காட்டு என்ற பொருளில், ‘காட்டு விளக்கு’.

முல்லைத்தீவிலிருந்து

ஒட்டுசுட்டானில் ‘காட்டு விளக்கு’ என்று சொல்லிப் பாருங்கள். யானை விரட்டவா என்று கேட்பார்கள்.

வவுனியாவிலிருந்து

‘காட்ட வேண்டியது’ என்று எழுதுங்கள், விளக்கு என்ற சொல்லே வேண்டாம். பொதுப் பெயருக்கு என் ஓட்டு ‘குறிவிளக்கு’. குறியும் இருக்கிறது, விளக்கும் இருக்கிறது.

சென்னையிலிருந்து

குறிவிளக்கு எனக்கும் சம்மதம், கொஞ்சம் மெலிவாக இருந்தாலும். ஆனால் ‘எச்சரிக்கை’யை அடியோடு விட மனமில்லை. சிவப்பும் மஞ்சளும் எச்சரிக்கைக் குறிவிளக்கு, பச்சையும் நீலமும் நிலைக் குறிவிளக்கு என்று பிரிக்கலாமே.

கிளிநொச்சியிலிருந்து

படத்தின் தலைப்பில் ‘குறிவிளக்குகள்’ ஏறிவிட்டது. நிரல்கள் ‘இங்கேயே நிறுத்து’, ‘இந்தக் கிழமைக்குள் காட்டு’, ‘வேலை நடக்கிறது’ என்று மூன்று. ‘இங்கேயே’ என்பது பரந்தன் அண்ணைக்காக. வாகனர் ஆரின் நீல விளக்கை மூன்றாவதில் போட்டிருக்கிறேன், பெல்ட் விளக்கைத் தனியாகக் கீழே. மஞ்சளில் மினுங்கும் எஞ்சின் குறிதான் இடம் கிடைக்காமல் நிற்கிறது. நிறத்தைப் பார்த்தால் இரண்டாவது நிரல், வேலையைப் பார்த்தால் முதலாவது. அதோடு அந்த எரிவுக்கு ‘மினுங்கல்’ என்பதா, ‘சிமிட்டல்’ என்பதா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பரந்தன், கராஜ்

முதலாவதில் போடுங்கள். மினுங்கல்தான், சிமிட்டுவது கண்.

சென்னையிலிருந்து

இங்கே மினுங்குவது நட்சத்திரம். நான் சிமிட்டல் பக்கம்.