முதலில் எதை விற்பது: லோகோவா, பிரெஞ்சுக் கணக்கு வேலையா?

வணக்கம். மொரிஷியஸ், ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். ஒரு துணிக்கடையில் 6 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எக்செல் நன்றாக வரும். பிரெஞ்சும் ஆங்கிலமும் சரளம். மாலையில் 2 மணி நேரம் ஃப்ரீலான்ஸ் செய்யப் பார்க்கிறேன், 3 மாதமாக ஒரு வேலையும் அமையவில்லை.

முதலில் லோகோ டிசைன் கற்றேன். 18 விண்ணப்பம் அனுப்பினேன், ஒரு பதில்கூட இல்லை. ஒவ்வொரு விளம்பரத்திலும் ஏற்கெனவே 50க்கு மேல் விண்ணப்பங்கள், காட்டுவதற்கு என்னிடம் பழைய வேலையும் கிடையாது.

அப்புறம் ஒரு வாரம் விண்ணப்பிக்காமல் எண்ணிக்கை மட்டும் குறித்தேன். பொதுவான டேட்டா என்ட்ரிக்கும் அதே கூட்டம். பிரெஞ்சு ரசீதுகளை எக்செலில் பதிந்து, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்க்கும் வேலை 4 தான் வந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் தான் விண்ணப்பம். இது நான் கடையில் தினமும் செய்வது. கடைக் கணக்கை வெளியே காட்ட முடியாது என்பதால், கற்பனை ரசீதுகள் 30 வைத்து ஒரு மாதிரி ஷீட் தயாரித்திருக்கிறேன். பக்கத்துத் தீவான ரீயூனியனில் பிரெஞ்சு தான், நேரமும் ஒன்று தான்.

வாரம் 4 விளம்பரம் மட்டுமே வரும் இந்த வேலையை என் முதல் சேவையாக வைக்கலாமா, அல்லது அது போதாதா?