புதுப்பிப்பு: வழுக்கிய யோகா மேட்

அன்று நான் கேட்டது: "10 மி.மீ. நுரை மேட்டில் அதோமுக சுவானாசனம் செய்தால் கை வழுக்குகிறது. இன்னும் தடிமனாக வாங்கட்டுமா?"

மேட்டை மாற்றிவிட்டேன். உப்பு போட்டுத் தேய்க்கச் சொன்னவர் பாதி சரி. புது பி.வி.சி. மேட்டின் வழவழப்புக்கு அது உதவும். என்னுடையது என்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பர் நுரை, வியர்வையை உறிஞ்சாது, மேலேயே நிற்கும். தேய்த்தும் பலனில்லை.

பயிற்சியாளர் அக்கா சொன்னதுதான் சரி: தடிமன் முட்டி வலிக்காமல் இருக்கத்தான், பிடி தருவது மேற்பரப்பு. அந்த நுரையில் விருட்சாசனத்தில் நின்றால் பாதம் அமுங்கிக் கணுக்கால் ஆடும். இப்போது 4 மி.மீ., அடியில் இயற்கை ரப்பர், மேலே பி.யூ. என்ற பாலியூரித்தேன் பூச்சு. ஈரக் கையும் வழுக்காமல் நிற்கிறது. முட்டிக்கு மட்டும் துண்டை மடித்துப் போடுகிறேன்.

ரப்பர் வாடைதான் இன்னும் போகவில்லை. இயற்கை ரப்பரில் லேடெக்ஸ் உண்டு, அதனால் லேடெக்ஸ் ஒவ்வாமை என்று சொன்ன தங்கைக்கு இது வேண்டாம்.