ஓவர்கிளாக்கிங்குக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மீனாட்சி, செங்காங்

குழுவினருக்கு வணக்கம். எங்கள் சமூக மன்றத்தில் கணினி பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஒரு கையேடு தமிழாகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். குறித்த வேகத்துக்கு மேல் ஓடும்படி ஓவர்கிளாக் செய்த கணினி, கனத்த வேலையின்போது நின்று நின்று போனால் டிஃபால்ட் அமைப்புக்குத் திரும்பச் சொல்கிறது மூலம். ‘மேற்கடிகாரம்’, ‘முன்னிருப்பு’ என்று எழுதினேன். அதைப் படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர், சுவரில் மாட்டிய கடிகாரத்தை ஏன் இதில் இழுக்கிறாய் என்று கேட்டார். உதவுங்கள்.

முத்தையா, அங் மோ கியோ

அவர் கேட்டது நியாயம். இங்கே கிளாக் என்பது மணி காட்டும் கருவி அன்று, அளந்து விழும் துடிப்பு. நீர் சொட்டச் சொட்டப் பொழுதை அளந்த கருவியை முல்லைப்பாட்டு ‘கன்னல்’ என்கிறது. சொட்டும் துடிப்பும் ஒன்றுதானே? ‘மிகுகன்னல்’ என்று வைக்கலாம். மிகுதி காட்டும் உரிச்சொற்களாக நன்னூல் சொல்லும் சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆறும் இருக்கின்றன. ‘நனிகன்னல்’ இன்னும் இனிமை.

ராஜன், ஈசூன்

ஐயா, கன்னல் என்றால் என் பேரனுக்குக் கரும்புச்சாறுதான் நினைவுக்கு வரும். இதற்குச் சொல்லே தேவையில்லை. நம் ஊர் வெக்கையில் சூடேறித்தான் கணினி நிற்கிறது. கூடுதல் விசிறி ஒன்று போட்டேன், என்னுடையது சரியாகிவிட்டது. ‘சூடேற்றம்’ என்று எழுதுங்கள்.

பர்வீன், பிடோக்

ராஜன் அண்ணன் சொல்வது பாதி சரி. செயலி சூட்டால் நிற்பதும் உண்டு. ஆனால் பட்டறைக்கு அதிகம் வருவது வேறு வகை. போன மாதம் ஒரு மாணவர் கொண்டுவந்தார்: ரைசன் 7000 வரிசைச் செயலி, இரண்டு மெமரி அட்டை, மெமரியைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் EXPO என்ற அமைப்பைப் போட்டு 6000 வேகம். ஓராண்டு ஒழுங்காக ஓடியது. பிறகு அதே ரகத்தில் இன்னும் இரண்டு வாங்கிச் செருகினார். மின்னஞ்சல், பாடவேலை எல்லாம் சரி. காணொளி ஏற்றுமதி செய்தால் மட்டும் நீலத்திரை, அதிலும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு பிழைச்செய்தி. வெப்பநிலை இயல்பாகவே இருந்தது.

பிழைச்செய்தி மாறிக்கொண்டே இருந்தால் நான் முதலில் மெமரியைத்தான் சந்தேகிப்பேன். பெட்டியில் அச்சிட்ட 6000 என்பது இரண்டு அட்டைக்குச் சோதித்த எண். மெமரியை ஆளும் பகுதி செயலிக்குள் இருக்கிறது, அதற்கு ஏ.எம்.டி. உறுதி தருவது இரண்டு அட்டைக்கு 5200, நான்குக்கு வெறும் 3600. மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டியதும் சில நிமிடங்களில் பிழைகள் கொட்டின. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையில் `Load Optimized Defaults` கொடுத்து, EXPO அணைந்ததைப் பார்த்து, மறுபடி இரவு முழுக்க ஓட்டினோம்; ஒரு பிழையும் இல்லை. மாற்றியபின் முதல் தொடக்கத்தில் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். மெமரியைக் கணினி புதிதாகப் பழக்கிக்கொள்கிறது. பயந்து மின்சாரத்தை அணைத்துவிடக்கூடாது.

ஆகவே சொல் சூட்டைக் குறிக்கக்கூடாது. கடையில் ‘இந்த வேகம்’ என்று விற்ற மெமரிக்கும் அது பொருந்தவேண்டும். அதுவும் ஓவர்கிளாக்தான் என்பது பலருக்குத் தெரியாது.

முத்தையா

அப்படியானால் ‘மிகுதுடிப்பு’. வினைத்தொகை, வல்லினம் மிகாது. ‘மிகைத்துடிப்பு’ என்று எழுதுவோர் ஒற்றை விடாதீர்கள்.

மீனாட்சி

நன்றி ஐயா. இப்போது ‘முன்னிருப்பு’. அதே பெரியவர் நேற்றுப் பயிற்சியில் உட்கார்ந்தார். ‘முன்னிருப்புக்குத் திரும்பவும்’ என்ற வரியைப் படித்துவிட்டு, பயாஸில் முன்பு சேமித்துவைத்திருந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தார். அது EXPO 6000! முன்பு இருந்த நிலை என்றுதானே பொருள் என்கிறார். நான் வாயடைத்துப்போனேன்.

ராஜன்

அவர் பக்கம்தான் நான்.

முத்தையா

முன்னிருப்பு பல ஆண்டு வழக்கிலுள்ள சொல். ஒருவர் தவறாகப் படித்ததற்காகத் தூக்கியெறிவதா?

பர்வீன்

தவறாகப் படித்தால் கணினி மறுபடி நிற்கிறதே, ஐயா. ‘ஆலை அமைப்பு’ என்று போடலாம். தாய்ப்பலகை ஆலையைவிட்டு வந்தபோது இருந்த அமைப்பு. யாருக்கும் குழப்பம் வராது.

சரோஜா, தோ பாயோ

முப்பது ஆண்டு செவிலியராக இருந்தவள் சொல்கிறேன்: மிகுதுடிப்பு என்றால் இதயப் படபடப்பு. கையேட்டைப் பார்த்து யாரும் மருந்தகத்துக்குப் போகாமல் இருந்தால் சரி. ‘வேகமேற்றல்’ என்று எளிதாகச் சொன்னால் என்ன குறை?

மீனாட்சி

அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார். தலைப்பில் ‘வேகமேற்றல்’, உள்ளே ‘ஆலை அமைப்பு’ என்று அனுப்பிவிட்டேன். கறுப்புத்திரை எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.

முத்தையா

வேகம் வடசொல். விரைவேற்றல் என்று இருந்திருக்கலாம். இரண்டாம் பதிப்பு எப்போது?