புதுப்பிப்பு: கை எரிச்சல், வழவழப்பான நாக்கு, அசதி – காரணம் தெரிந்தது

நான் கேட்டிருந்தது: "கை எரிகிறது, நாக்கு வழவழவென்று புண்ணாக இருக்கிறது, எப்போதும் அசதி. ஹீமோகுளோபின் சரியாம். என்னவாக இருக்கும்?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வைட்டமின் பி12 குறைவுதான். ஹீமோகுளோபினோடு நிற்காமல் பி12 அளவைத் தனியாகப் பார்க்கச் சொன்ன டர்பன் நர்ஸ் அக்காவின் யோசனையே பலித்தது. பி12 ஊசி போடும் முன்பே சோதனைக்கு ரத்தம் கொடுக்கவும் சொன்னார். போட்ட பிறகு அளவு ஏறிவிடும்.

ரத்தம் மட்டும் எப்படித் தப்பியது? தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் ரொட்டி மாவிலும் மீலி எனும் மக்காச்சோள மாவிலும் ஃபோலிக் அமிலம் சேர்க்கிறார்கள், பி12 சேர்ப்பதில்லை. பி12 குறைந்தாலும் ஃபோலிக் அமிலம் ரத்த அணுக்களை ஓரளவு ஓட்டிவிடும். நரம்பின் உறையைக் காக்க அதனால் முடியாது. என் விஷயத்திலும் அப்படி இருக்கலாம் என்கிறார் டாக்டர், உறுதியாகச் சொல்லவில்லை. "ஃபோலிக் மாத்திரை போதும்" என்ற தம்பி கவனிக்கவும்: அது மட்டும் போட்டால் ரத்தம் தேறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

எதிர்பாராதது, நான் மீனும் கறியும் சாப்பிடுகிறவள். பி12-ஐ உறிஞ்ச உதவும் இரைப்பைப் புரதத்தை என் உடம்பே தாக்குகிறதாம். அதனால் 1000 மைக்ரோகிராம் ஊசி, ஆயுள் முழுக்க.

முதலில் நாக்கு ஆறியது, அப்புறம் அசதி. விரல் நுனி மரப்பு இன்னும் இருக்கிறது. முழுதும் போகுமா என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை.

சர்க்கரையால் கால் எரிகிறது என்ற அண்ணா, எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் நீண்டகாலம் மெட்ஃபார்மின் சாப்பிட்டாலும் பி12 குறையும். நீங்களும் பார்த்துவிடுங்கள்.