h8 மூலையில் போன அரைப் புள்ளி

காட்பாடிக்காரன்
போன ஞாயிறு வேலூர்ல ஒரு பள்ளிக்கூட ஹால்ல ரேபிட் செஸ் போட்டி. வெயில்ல ஃபேனும் சுத்தல. கடைசி ரவுண்டு, எனக்கு வெள்ளை. போர்டுல மிச்சம்: என் ராஜா g5, பிஷப் d3, சிப்பாய் h6. எதிர்ல எட்டாங்கிளாஸ் பொண்ணு, f7-ல ராஜா மட்டும். என் முறை, க்ளாக்ல நாற்பது செகண்ட். யோசிக்காம h7 தள்ளினேன். அவ ராஜாவை g7-ல வெச்சா. அதுக்கப்புறம் g7, h8, g7, h8னு ஊஞ்சல் ஆடினா. அவ h8-ல இருக்கும்போது நான் ராஜாவை f6, g6, h6 எங்க கொண்டுபோனாலும் ஸ்டேல்மேட், செக் இல்லாம அவளுக்கு நகர இடமே இல்ல, டிரா. இப்படி யாருக்காச்சும் நடந்திருக்கா?

குடியாத்தம் ரூக்
வெள்ளைக் கட்ட பிஷப்னா h சிப்பாய் வேஸ்ட் பா. h8 கறுப்புக் கட்டம், உன் பிஷப் அதைத் தொடவே முடியாது. நீ இன்னா செஞ்சிருந்தாலும் டிராதான். விட்டுத் தள்ளு.

பழைய ராணிப்பேட்டை
முதல் பாதி சரி தம்பி, "இன்னா செஞ்சாலும்"னது தப்பு. அவ ராஜா மூலையைப் பிடிச்சாத்தான் டிரா. f7-ல நிக்கிற ராஜாவுக்கு மூலைக்குப் போக வாசல் ரெண்டு, g7, g8. g7-ஐ h6 சிப்பாய் அடைச்சிருக்கு. h7 தள்ளின உடனே நீயே அந்த வாசலைத் திறந்து விட்டுட்ட.

பிஷப்பை h7-ல வெச்சிருந்தா g8-ம் பூட்டு. அவ f8 போனா உன் ராஜா f6. அவளுக்கு e8 மட்டும்தான் மிச்சம். நீ g7-ல ஏறு. அப்புறம் பிஷப்பை வழியை விட்டு நகர்த்து, சிப்பாய் h7, h8, ராணி. h7-லதான் பிஷப் நிக்கணும்னு இல்ல. c4-ல செக் கொடுத்தாலும் g8 பூட்டிக்கும். சிப்பாயைத் தொடாம முதல்ல வாசலைச் சாத்தணும், அதான் விஷயம்.

ஆரணி அம்மா
எங்க பையன் ராணி வெச்சுக்கிட்டே ஸ்டேல்மேட் பண்ணிட்டான், ஸ்கூல் மேட்ச்ல. ரெண்டு நாள் சாப்பிடல. அதுவும் இந்த வகைதானா சார்?

பழைய ராணிப்பேட்டை
அது வேற மா. எதிர்ல வெறும் ராஜான்னா, ராணி வெச்சிருக்கிறவன் முறையில ஸ்டேல்மேட்டைத் தவிர்த்து ஜெயிக்க எப்பவும் வழி உண்டு. இங்க மூலையைப் பிடிச்ச பிறகு வழியே கிடையாது. பையனைச் சாப்பிடச் சொல்லுங்க.

வாலாஜா
குடியாத்தம் அண்ணன் சொன்ன "வெள்ளைக் கட்டம்னா h வேஸ்ட்" விதியை நம்பித்தான் நான் அரைப் புள்ளி விட்டேன். நான் ஆடினது கறுப்பு. h சிப்பாய், வெள்ளைக் கட்ட பிஷப். எதிராளி டிரா கேட்டார், கை குடுத்துட்டேன். என் சிப்பாய் போய்ச் சேர்ற இடம் h1, அது வெள்ளைக் கட்டம்னு பஸ்ல வரும்போதுதான் உறைச்சுது. சரியான பிஷப்பைக் கையில வெச்சுக்கிட்டே டிரா.

குடியாத்தம் ரூக்
சரி, நான் வெள்ளைக்குச் சொன்னேன். கறுப்புக்குத் தலைகீழ். ஒத்துக்கிறேன்.

பழைய ராணிப்பேட்டை
நிறம் மனப்பாடம் பண்ணாதீங்க. ராணியாகிற கட்டத்தை மட்டும் பாருங்க.

தோக்கிறவன் பக்கம் இது இன்னும் ருசி. ஒரு தடவை எனக்குக் கறுப்பு: ராஜா g7, கறுப்புக் கட்ட பிஷப் e7. எதிராளிக்கு ராஜா f4, வெள்ளைக் கட்ட பிஷப், சிப்பாய் g4, h5. சிப்பாய் g4-லயே இருந்திருந்தா என் பிஷப்புக்கு எட்டாது. அவர் g5 தள்ளினார். பிஷப்பால அதை வெட்டினேன், செக். ராஜாவால அவர் திருப்பி வெட்டினார். ஒரு பீஸ் போச்சுன்னு பக்கத்து போர்டு ஆள் 'ச்சு' கொட்டினார். நான் ராஜாவோட h8-ல குடியேறிட்டேன். அவ்ளோதான்.

1971-ல வான்கூவர்ல ஃபிஷரோட ரெண்டாவது ஆட்டத்துல தைமானோவுக்கும் இதே கதவு திறந்திருந்தது. ஃபிஷர்கிட்ட h சிப்பாய், வெள்ளைக் கட்ட பிஷப். தைமானோவ்கிட்ட ஒரு குதிரை. 81-ஆவது நகர்த்தல்ல குதிரையை d3-க்கு எடுத்திருந்தா, அடுத்து அதை f4-ல காவு குடுத்துட்டு ராஜா மூலைக்குப் போயிருக்கும். அவர் ராஜாவை e4-ல வெச்சார், தோத்தார். அந்த மேட்ச் 6-0.

காட்பாடிக்காரன்
அண்ணே, அவளுக்கு h7-ல ஒரு சிப்பாயும் இருந்து, என்னுது h6-ல மாட்டியிருந்தா? அப்பவும் டிராவா?

பழைய ராணிப்பேட்டை
அது ராஜாங்க எங்க நிக்குதுன்னு பொறுத்தது. சில இடத்துல நீ ஜெயிப்ப, சில இடத்துல மாட்ட. கோடு எங்கன்னு இங்க எழுத்துல சொன்னா குழப்பிடுவேன்.

குடியாத்தம் ரூக்
அதுவும் டிராதான்னு நினைக்கிறேன்.

வாலாஜா
அண்ணே, நீங்க மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்க.